தட்டு எப்படி இருக்கு? வீட்டுச் சமையல் படத்துக்கு நேர்மையாகக் கருத்து சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டுப் படத்தை அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். முதலில் எதைப் பார்ப்பது?

தட்டின் விளிம்பை. சாப்பாட்டை அப்புறம் பார்க்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் தட்டு வெள்ளையாகவோ வெள்ளைக்குப் பக்கத்திலோ இருக்கும். படத்தில் அது வெண்ணெய் நிறத்தில் தெரிந்தால், மேலே மஞ்சள் பல்பு எரிகிறது என்று அர்த்தம். நீலம் கலந்து தெரிந்தால், நிழலான ஜன்னல் பக்கமோ நீலச் சாயலுள்ள வெள்ளை விளக்கோ இருக்கும். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் என்றால் இரண்டு விளக்குகளும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. விளிம்பின் நிறம் தெரிந்துவிட்டால், அதே சாயம் சாப்பாட்டின் மேலும் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு மற்றதைப் பார்க்கலாம்.

அடுத்து, விளிம்பு வட்டமாக இருக்கிறதா, முட்டை மாதிரி இழுபட்டிருக்கிறதா? அதற்கடுத்து, விளிம்பில் சொட்டு, விரல் தடம், துடைத்த கோடு ஏதாவது உண்டா? இந்த மூன்றுக்கும் பத்து நொடி போதும். ஆனால் பின்னால் சொல்லப்போகிற பாதி கருத்து இங்கேயே முடிவாகிவிடும்.

படத்தின் குறை எது, தட்டின் குறை எது என்று எப்படிப் பிரிப்பது?

நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: அந்த மேசைக்குப் பக்கத்தில் நான் நின்று பார்த்திருந்தால் இந்தக் குறை கண்ணில் படுமா? படாது என்றால் அது கேமராவின் கணக்கு.

சில உதாரணங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எண்ணெய்ப் பசையுள்ள எல்லா இடத்திலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் மின்னும். பார்க்கிறவர் "எண்ணெய் மிதக்குதே" என்பார். உண்மையில் அங்கே ஒரு ஸ்பூன் எண்ணெய்கூட இருக்காது. வெளிச்சம் கேமரா இருக்கும் திசையிலிருந்தே நேராக அடிப்பதால் நிழல்கள் மறைந்துவிடும். மொறுமொறுப்பான தோலின் மேடு பள்ளமும் சேர்ந்து மறைந்து, வெறும் பளபளப்பு மட்டும் மிஞ்சும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ விழுந்தால் அதே தோல் மொறுமொறுப்பாகத் தெரியும்.

இன்னொன்று, போனைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோய் எடுப்பது. போனின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, தள்ளி இருப்பதைச் சுருக்கிவிடும். அதனால் முன்னால் இருக்கும் கேரட் துண்டு பூதாகாரமாகவும், பின்னால் இருக்கும் இறைச்சி ஒட்டியும் தெரியும். "அளவு சரியில்லை, காய் ஜாஸ்தி" என்று சொல்வதற்கு முன் விளிம்பைப் பாருங்கள். அது முட்டை மாதிரி இருந்தால் அளவைப் பற்றிப் பேசாதீர்கள். இரண்டடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கோணமும் ஏமாற்றும். நேர் மேலிருந்து எடுத்தால் உயரம் காணாமல் போகும். அழகாகக் குவித்து வைத்த சோறும் சப்பையான வட்டம் மாதிரிதான் தெரியும். தட்டையான உணவுக்கு மேலிருந்து எடுக்கலாம். குவியல் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் பார்க்கிற சாய்வு, அதாவது 45 டிகிரிக்கு அருகில், சரியாக இருக்கும். அடுக்கடுக்காக இருந்தால் இன்னும் கீழே இறங்க வேண்டும்.

விளிம்பில் வழிந்த சொட்டு, தேங்கி நிற்கும் தண்ணீர், எல்லாவற்றின் மேலும் கொட்டிய கிரேவி, நடுவில் விட்ட வெற்றிடம் ஆகியவை எந்த வெளிச்சத்திலும் எந்தக் கோணத்திலும் அப்படியே இருக்கும். அவைதான் தட்டின் குறைகள்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுசாகச் சொல்லிக் காட்டுங்களேன்.

கூட வேலை பார்த்த ஒரு தம்பி போன மாதம் அனுப்பிய படம் இது. அடுப்பில் சுட்ட கோழி நெஞ்சுத் துண்டு, தோலோடு, குறுக்கே வெட்டியது. உருளைக்கிழங்கு மசியல். வேகவைத்த பீன்ஸ். மேலே பழுப்பு கிரேவி. பெரிய தட்டையான தட்டு, இரவு நேரம், நேர் மேலிருந்து எடுத்த படம். "அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை அவங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க" என்று கீழே ஒரு வரி.

முதலில் கண்ணில் பட்டது பீன்ஸின் நிறம். சாம்பல் கலந்த பச்சை, கிட்டத்தட்ட பழுப்பு. "வேகவிட்டது ஜாஸ்தி" என்று எழுதக் கை போனது. ஆனால் விளிம்பும் மஞ்சளாக இருந்தது. அதனால் "கண்ணால பாக்கும்போது பீன்ஸ் நல்ல பச்சையா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். பளிச்சென்று இருந்ததாகச் சொன்னார். அப்படியானால் அது பல்பின் வேலை. வெள்ளை விளிம்பிலும் பீன்ஸ் அப்படித் தெரிந்திருந்தால் சமையல் குறை என்று சொல்லியிருப்பேன். பச்சைக் காயில் இருக்கும் பச்சையம் சூட்டிலும் புளிப்பிலும் தன் மெக்னீசியத்தை இழந்துவிடும், நிறம் ஆலிவ் காய்போல மாறும். மூடி போட்டு நீண்ட நேரம் வேகவைத்தால், காயிலிருந்து வெளியேறும் புளிப்பு ஆவியோடு போகாமல் உள்ளேயே தங்கி இதைச் சீக்கிரப்படுத்தும்.

இரண்டாவது, கோழியின் அடியிலிருந்து வெளிறிய தண்ணீர் ஓடி மசியலின் கரையைக் கரைத்திருந்தது. இது வெளிச்சத்தின் வேலை இல்லை. இறைச்சியை அடுப்பிலிருந்து எடுத்த கையோடு வெட்டினால் சாறு ஓடத்தான் செய்யும். எட்டு நிமிடம் பலகையில் ஆறவிட்டு வெட்டினால் பெரும்பாலான சாறு துண்டுக்குள்ளேயே நிற்கும், கொஞ்சம் ஓடினாலும் பலகையிலேயே ஓடிவிடும். பார்க்கப் பிளேட்டிங் குறை, அதாவது தட்டில் வைத்த விதத்தின் குறை மாதிரி இருந்தாலும், வேர் வெட்டிய நேரத்தில் இருக்கிறது. படத்தில் தெரிகிற அசிங்கத்தில் பாதி இப்படித்தான் தட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்திருக்கும். அதனால்தான் "தட்டை நல்லா துடைங்க" என்று மட்டும் சொன்னால் போதாது.

மூன்றாவது கிரேவி. கோழி, மசியல், பீன்ஸ் மூன்றின் மேலும் ஒரே ஊற்று. அரை மணி நேரம் பாடுபட்டுத் தோலை மொறுமொறுப்பாக்கியவர், கடைசி நொடியில் அதைக் குளிப்பாட்டிவிட்டார். எது மசியல், எது கோழி என்ற எல்லையும் போய்விட்டது.

நான்காவது, மூன்று குவியல்களும் விளிம்பை ஒட்டி மூன்று மூலைகளில், நடுவில் காலி மைதானம். வட்டத் தட்டில் இது நிறையப் பேருக்கு வரும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒட்டாமல் வைக்க வேண்டும் என்ற எண்ணம். பெரிய தட்டில் இப்படி வைத்தால் உணவும் கொஞ்சமாகத் தெரியும். ஒரே அளவு வட்டத்தைச் சுற்றி பெரிய வட்டம் இருந்தால் அது சிறியதாகத் தெரியும் என்பதை பெல்ஜியத்தின் ஜோசஃப் டெல்போஃப் 1865 வாக்கிலேயே விவரித்திருக்கிறார். தட்டுக்கும் உணவுக்கும் அது பொருந்தும்.

ஐந்தாவது விளிம்பில் ஒரு கட்டைவிரல் தடம். அதைக் கடைசியில் ஒரு வரியில் சொன்னேன்.

அவருக்கு அப்படியே என்ன எழுதினீர்கள்?

இதைத்தான்:

"தோல் நிறம் அருமையா வந்திருக்கு, துண்டும் ஒரே தடிமனா இருக்கு. அது தெரியணும்னா கிரேவி மேல வரக்கூடாது. முதல்ல மசியலைத் தட்டின் நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கமா வை. ஸ்பூன் முதுகால அழுத்தி ஒரு குழி பண்ணு. அந்தக் குழியில ரெண்டு ஸ்பூன் கிரேவி. கோழித் துண்டுகளை மசியல் மேல சாய்ச்சு நிறுத்து, தோல் மேல பார்த்த மாதிரி. பீன்ஸை ஒரே திசையில அடுக்கி, கோழிக்குக் கீழ்ப்பக்கமா வை. மிச்ச கிரேவி கிண்ணத்துல பக்கத்துல. கோழியை எட்டு நிமிஷம் பலகையில விட்டு அப்புறம் வெட்டு, அடியில தண்ணி ஓடியிருக்கு பார். பீன்ஸைத் துணியில ஒத்தி எடு. கடைசியா ஈரத் துணியால விளிம்பை ஒரு சுத்து. பல்பு மஞ்சளா இருக்கறதால பீன்ஸ் நிறம் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை."

ஒவ்வொரு வரியிலும் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றோ, கையால் செய்ய வேண்டிய ஒன்றோ இருக்கிறது. "கொஞ்சம் நேர்த்தி வேணும்", "தொழில்முறையா இல்லை" என்ற வார்த்தைகள் இல்லை. அவற்றை வைத்துக்கொண்டு அவர் சமையலறையில் என்ன செய்வார்?

முதலில் சொன்ன பாராட்டும் சும்மா வைத்ததில்லை. தோல் நன்றாக வந்திருக்கிறது என்பதுதான் கிரேவியை மாற்றச் சொல்வதற்கான காரணம்.

அடுத்த தடவை சரியாக வந்ததா?

பாதி. இரண்டாவது படத்தில் கோழி நிமிர்ந்து நின்றது, தண்ணீர் இல்லை, விளிம்பு சுத்தம். ஆனால் மசியலின் மேல் மெல்லிய ஏடு கட்டி வெடித்திருந்தது. குழி, சாய்ப்பு என்று அடுக்கி முடிக்கவே ஐந்தாறு நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் முழுக்க மசியல் திறந்த தட்டில் கிடந்திருக்கிறது. தவறு என்னுடையது. எதை எப்போது வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோழியை வெட்டி, பீன்ஸைத் துடைத்து, கிரேவியைச் சூடாக வைத்து, தட்டையும் சூடாக்கிய பிறகுதான் மூடிவைத்த பாத்திரத்திலிருந்து மசியலை எடுக்க வேண்டும். அப்புறம் எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும்.

நாலைந்து குறை தெரிகிறது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

அவர் எதற்காகச் சமைத்தார் என்பதைப் பொறுத்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று தம்பி சொல்லியிருந்ததால் நீளமாக எழுதினேன். வேலை முடிந்து வந்து அவசரத்தில் செய்த சாப்பாடு என்றால் ஒன்றே ஒன்று சொல்வேன்.

அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், எதைச் சரிசெய்தால் மற்றவையும் கூடவே சரியாகும் என்று பாருங்கள். மேலே சொன்ன தட்டில் அது கிரேவிதான். அதைக் கீழே கொண்டுபோனால் தோல் தெரியும், எல்லைகள் தெரியும், பழுப்பு குறையும், விளிம்பில் சொட்டும் குறையும். கட்டைவிரல் தடத்தைத் துடைத்தால் தடம் மட்டும்தான் போகும்.

குழம்பு, இறைச்சிக் கூட்டு மாதிரி எல்லாமே பழுப்பாக இருந்தால் என்னதான் சொல்வது?

இது கஷ்டமான இடம். மெதுவாக வெந்த உணவுகள் நாக்குக்கு நன்றாக இருக்கும், கேமராவுக்குச் சேறு மாதிரி தெரியும். "பழுப்பா இருக்கு" என்பது கருத்து ஆகாது, அது பழுப்பாகத்தான் இருக்கும்.

மூன்று விஷயங்களைப் பார்க்கிறேன். திரவத்தின் மட்டம் முதலாவது. துண்டுகள் எல்லாம் மூழ்கியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. துண்டுகளை முதலில் வைத்து, அவற்றின் பாதி உயரம் வரை மட்டும் குழம்பை ஊற்றச் சொல்லுங்கள். இரண்டாவது பாத்திரம். அகலத் தட்டில் அது பரவி மெலிந்துபோகும். கொஞ்சம் ஆழமான கிண்ணத்தில் வைத்தால் துண்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மூன்றாவது மேல்பரப்பு. குழம்பின் மேல் மங்கலான தோல் படிந்திருந்தால் ரொம்ப நேரம் திறந்து கிடந்திருக்கிறது. ஒரு ஸ்பூன் சூடான குழம்பைத் துண்டுகள் மேல் மட்டும் விட்டால் மினுமினுப்பு திரும்பும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால்தான் அது படத்தில் தெரியும், மேலே இருக்கும் விளக்கில் தெரியாது.

ஓரத்தில் எண்ணெயோ தண்ணீரோ பிரிந்து வளையமாக நின்றால் அதைத் தனியாகச் சொல்லலாம். சில உணவுகளில் எண்ணெய் பிரிவதுதான் பக்குவம், சிலவற்றில் அது திரிந்துபோனதன் அடையாளம். எந்த உணவு என்று கேட்காமல் சொல்லக் கூடாது.

மேலே ஒரு பச்சை இலை வைத்தால் அழகாகிவிடும் என்கிறார்களே?

கருத்து சொல்லத் தெரியாதவர்கள் எல்லோரும் சொல்கிற கருத்து இது. நானும் நிறைய தடவை சொல்லியிருக்கிறேன்.

இலை ஏற்கெனவே உணவில் இருந்தால், அல்லது வாயில் போட்டால் அதோடு சேர்ந்து போகும் என்றால், வைக்கலாம். இனிப்பின் மேல் வைக்கும் புதினா முழு இலையைப் பாருங்கள், சாப்பிட்டு முடித்தபின் தட்டோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். தூவுவதாக இருந்தால் விளிம்பில் தூவச் சொல்லாதீர்கள். அங்கே விழுந்த பொடி சிந்தியது மாதிரிதான் தெரியும்.

ஒற்றைப்படை எண்ணில்தான் வைக்க வேண்டுமா?

பழக்கம், சட்டம் கிடையாது. மூன்று துண்டை முக்கோணமாக வைப்பது எளிது, நாலு வைத்தால் கட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான். நாலு பேருக்கு நாலு வடை சுட்டவரிடம் ஒன்றை எடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

வெட்டிய கோழி நடுவில் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. வேகவில்லை என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது, ஆனால் கேட்காமலும் விட முடியாது. நன்றாக வெந்த கோழியிலும் எலும்புக்குப் பக்கத்தில் சிவப்பு தங்கலாம். வெள்ளையாகத் தெரிகிற கோழி வேகாமலும் இருக்கலாம். அதோடு படத்தின் நிறம் ஏற்கெனவே நம்ப முடியாதது. நம்பக்கூடியது வெப்பமானி மட்டும். தடிமனான இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்.

"உள்ள சிவப்பாத் தெரியுது, வெப்பமானி வச்சுப் பாத்தீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள். பிளேட்டிங் பற்றிய கருத்தோடு சேர்த்து அனுப்பாதீர்கள். ஒன்று அழகு, ஒன்று வயிறு. சாப்பிடும் முன்பே படம் வந்திருந்தால் இதை உடனே கேளுங்கள், மற்றது காத்திருக்கலாம்.

படத்தைப் பார்த்து ருசியைப் பற்றி ஏதாவது சொல்லலாமா?

உப்பு, காரம், புளிப்பு எதுவும் படத்தில் வராது. "பார்த்தாலே தெரியுது, சப்புன்னு இருக்கும்" என்பவரை நம்பாதீர்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு உண்மை உண்டு. தட்டில் வைக்கும் விதம் ருசியை உணரும் விதத்தை மாற்றுகிறது. 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் குழுவினர் ஒரே சாலட்டை மூன்று விதமாகப் பரிமாறினார்கள். ஒன்று சும்மா கலந்து குவித்தது, ஒன்று வரிசையாக அடுக்கியது, ஒன்று கான்டின்ஸ்கியின் ஓவியம்போல அமைத்தது. ஓவியம்போல அமைத்ததைச் சாப்பிட்டவர்கள் அதை அதிக ருசி என்றார்கள். வரிசையாக அடுக்கியதற்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. ஆகவே நேராக அடுக்கச் சொல்வது எப்போதும் உதவும் என்று நினைக்காதீர்கள்.

என் மாமியார் குடும்ப குரூப்பில் தினமும் படம் போடுகிறார். நேர்மையாகச் சொல்லவா?

கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அவர் காட்டுவது தட்டை இல்லை, அன்றைய சமையலை. "அந்தக் கத்திரிக்காய் எப்படி உடையாம வந்துச்சு அத்தை?" என்று கேளுங்கள், அதுவே அவருக்குப் போதும். "விருந்துக்கு எப்படி வைக்கலாம், சொல்லு" என்று ஒருநாள் கேட்டால் தனியாகச் சொல்லுங்கள், குரூப்பில் வேண்டாம்.

நான் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்வது?

அவர் கையில் தட்டு இருக்கிறது, உங்களிடம் படம் மட்டும்தான். அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருக்கலாம். ஒருவரிடம் "எல்லாம் தனித்தனியா கிடக்கே, சேர்த்து வையுங்க" என்றேன். "என் பையன் ஒண்ணோட ஒண்ணு பட்டா தொடவே மாட்டான்" என்றார். சரி என்று விட்டேன்.

இன்னொரு தடவை, சாஸ் வழிந்து விளிம்பில் பழுப்புக் கறை இருக்கிறது, துடைத்திருக்கலாம் என்று ஒரு அம்மாவுக்கு அழுத்தமாக எழுதினேன். பதிலுக்குக் கழுவி வைத்த காலித் தட்டின் படம் வந்தது. அந்தக் கறை தட்டிலேயே வரைந்திருந்த கொடி.